ஃபார்முலாவை மட்டும் வச்சு ஸ்ட்ரக்சரை எவ்வளவு தூரம் சுருக்கலாம்: டிகிரி ஆஃப் அன்சாச்சுரேஷன், படிப்படியா

எம்.எஸ்சி பசங்களுக்கு ஸ்ட்ரக்சர் கண்டுபிடிக்கிற கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது ஒண்ணு திரும்பத் திரும்பப் பாக்குறேன், கேள்வித்தாள் கைக்கு வந்ததும் நேரா என்எம்ஆர் பீக்குக்குப் போயிடுறாங்க, மேல எழுதியிருக்கிற C8H8O2ங்கிற ஒரு வரியை யாரும் நின்னு பாக்குறதில்ல. அந்த ஒரு வரியிலயே பாதி வேலை முடிஞ்சிடும். ஸ்பெக்ட்ரத்தைத் தொடுறதுக்கு முன்னாடி என்னென்ன, எந்த வரிசையில செய்யணும்ங்கிறது தான் இங்க எழுதியிருக்கேன். ஒரு மாலிக்யூல்ல ரிங்கும் பை பாண்டும் சேர்த்து மொத்தம் எத்தனைன்னு சொல்ற எண் தான் டிகிரி ஆஃப் அன்சாச்சுரேஷன், அதை சுருக்கி டிஓயூன்னு சொல்றேன், சில புத்தகத்துல இதையே டபுள் பாண்ட் ஈக்விவலன்ட்னு போட்டிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணு தான்.

முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டியது: கார்பனுக்கு நாலு பாண்ட், நைட்ரஜனுக்கு மூணு, ஆக்சிஜனுக்கு ரெண்டு, ஹைட்ரஜனுக்கும் ஹாலஜனுக்கும் ஒண்ணு. அதோட ஆல்கஹால், ஈதர், ஆல்டிஹைடு, எஸ்டர் மாதிரி ஃபங்ஷனல் குரூப்பை வரையத் தெரியணும்.

1. முதல்ல கையில இருக்கிற ஃபார்முலா எதோடதுன்னு பாருங்க

இதை யாரும் ஒரு படியாவே எடுத்துக்கிறதில்ல, ஆனா நான் பாத்த தப்புல நிறைய இங்க தான் ஆரம்பிக்குது. டிஓயூ ஒரு முழு மாலிக்யூலுக்குத் தான் அர்த்தம் தரும், அதனால மாலிக்யூலர் ஃபார்முலா தான் வேணும், எம்பிரிக்கல் ஃபார்முலா ஆகாது.

ஒரு சேம்பிளை எரிச்சுப் பாத்ததுல கார்பன் 70.6%, ஹைட்ரஜன் 5.9%, மீதி ஆக்சிஜன்னு வருதுன்னு வைங்க. விகிதம் போட்டா C4H4O. இதுக்கு டிஓயூ 3. ஆனா மாலிக்யூலர் வெயிட் 136ன்னு தெரிஞ்சா உண்மையான ஃபார்முலா C8H8O2, அதுக்கு டிஓயூ 5. ஃபார்முலா இரட்டிப்பாச்சு, டிஓயூ மட்டும் 6 ஆகல, ஏன்னா கணக்குல ஒரு "கூட்டல் 2" இருக்கு, அது மாலிக்யூலுக்கு ஒரே தடவை தான் வரும். 3ஐ வச்சுக்கிட்டு கிளம்பினவர் பென்சீனையே நினைச்சுப் பாக்க மாட்டார்.

அதே காரணத்தால சேம்பிளோட தண்ணி ஒட்டிக்கிட்டிருந்தாலும் எண் கெட்டுப்போகும். சிட்ரிக் ஆசிட் C6H8O7, டிஓயூ 3, மூணு COOH குரூப்புக்கும் சரியா இருக்கு. ஆனா கடையில வர்ற பாட்டில்ல ஒரு தண்ணியோட சேர்ந்த மோனோஹைட்ரேட்டும் உண்டு, அதை ஒரே ஃபார்முலாவா C6H10O8ன்னு எழுதிட்டா டிஓயூ 2 தான் வரும், ஒரு கார்பனைல் காணாமப் போயிடும். சேர்ந்திருக்கிற ஒவ்வொரு தனி மாலிக்யூலும் விடையில ஒண்ணைத் தின்னுடும்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்லேர்ந்து ஃபார்முலா வந்திருந்தா இன்னொண்ணு பாக்கணும், அந்தத் தாள்ல இருக்கிறது மாலிக்யூலா இல்ல ஒரு புரோட்டான் ஏறின அயனான்னு. C8H9O2+ன்னு இருந்தா அந்த ஒரு H-ஐ எடுத்துட்டு C8H8O2ன்னு எழுதிட்டுத் தான் அடுத்த படிக்குப் போகணும்.

2. கணக்கைப் போடுங்க, ஆனா ஏன்னு புரிஞ்சு போடுங்க

```
DoU = (2C + 2 + N - H - X) / 2
```

X-னா எல்லா ஹாலஜனும் சேர்த்து. ஆக்சிஜனும் சல்ஃபரும் இதுல வராது. பாஸ்பரஸ் இருந்தா நைட்ரஜன் மாதிரி எண்ணுங்க, டியூட்டீரியம் இருந்தா ஹைட்ரஜன் மாதிரி.

காரணம் ரொம்ப எளிமை. ரிங்கோ டபுள் பாண்டோ இல்லாத ஹைட்ரோகார்பன்ல n கார்பனுக்கு 2n+2 ஹைட்ரஜன் இருக்கும். ரெண்டு கார்பனுக்கு நடுவுல இன்னொரு பாண்ட் போடணும்னா ரெண்டு பக்கத்துலயும் ஒரு H போகணும், சங்கிலியோட ரெண்டு முனையைச் சேர்த்து ரிங் ஆக்குறதுக்கும் அதே மாதிரி ரெண்டு H போகணும். அதனால எத்தனை ஜோடி H குறையுதுன்னு எண்ணுறது தான் மொத்தக் கணக்கே.

ஆக்சிஜன் ஒரு பாண்டுக்கு நடுவுல நுழைஞ்சுக்கும், H எண்ணிக்கையைத் தொடாது, மீத்தேன் CH4, மெத்தனால் CH4O, ரெண்டுலயும் நாலு தான். நைட்ரஜன் நுழைஞ்சா அதோட மூணாவது பாண்டுக்காக ஒரு H கூட வரும், மெத்தில்அமீன் CH5N. ஹாலஜன் ஒரு H இருந்த இடத்துல உக்காந்துக்கும், அதனால அதையும் H மாதிரியே கழிக்கிறோம்.

சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க பரீட்சை ஹால்ல நைட்ரஜனுக்கு கூட்டலா கழித்தலான்னு முழிக்கிறதைப் பாத்திருக்கேன். அந்த நேரத்துல CH5N-ஐ ஓரத்துல போட்டுப் பாருங்க. கூட்டினா 0 வரும், கழிச்சா -1 வரும். மெத்தில்அமீன்ல டபுள் பாண்டும் இல்ல ரிங்கும் இல்ல, அதனால 0 தர்றது தான் சரி.

3. வந்த எண்ணை வச்சு ஃபார்முலாவையே சோதிங்க

விடை முழு எண்ணா வரணும், 0-க்குக் கீழ போகக் கூடாது. 4.5 மாதிரி அரை வந்தா மூணுல ஒண்ணு நடந்திருக்கு: ஹாலஜனையோ நைட்ரஜனையோ எண்ண மறந்துட்டீங்க, இல்ல கையில இருக்கிறது அயன், இல்ல ஃபார்முலாவே தப்பு. நெகட்டிவ் வந்தா பெரும்பாலும் உப்பு தான், மெத்தில்அமீன் ஹைட்ரோகுளோரைடை CH6NClன்னு எழுதிப் பாருங்க, -1 வரும், ஏன்னா அங்க இருக்கிறது CH5N-உம் HCl-உம், ரெண்டு துண்டு.

ஆனா இந்த சோதனையை முழுசா நம்பிடக் கூடாது. பாராசிட்டமால் C8H9NO2. நைட்ரஜனை மறந்துட்டா 4.5 வருது, உடனே தெரிஞ்சிடும். நைட்ரஜனைக் கூட்டாம கழிச்சுட்டா என்ன வருது? சரியா 4. அழகான முழு எண். பையன் சந்தோஷமா பென்சீன் ரிங் ஒண்ணு போட்டு, கணக்கு முடிஞ்சதுன்னு அமைடோட C=O-வை விட்டுட்டு, ஐஆர்ல கார்பனைல் பீக்கைப் பாத்ததும் குழம்பிப் போவான். உண்மையான விடை 5. நைட்ரஜன் இருக்கிற ஃபார்முலாவுல குறியைத் தப்பா போட்டா முழு எண் சோதனை பிடிக்காது, அதனால தான் மேல சொன்ன CH5N சோதனையை விடாதீங்கன்னு சொல்றேன்.

4. எந்த குரூப்புக்கு எத்தனை செலவாகும்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க

எண்ணை ஒரு பட்ஜெட் மாதிரி நினைச்சுக்கோங்க, வரையுற ஒவ்வொண்ணுக்கும் அதுலேர்ந்து கழியும். C=C ஒண்ணு, C=O ஒண்ணு, C=N ஒண்ணு, ரிங் ஒண்ணு. ட்ரிபிள் பாண்டுக்கு ரெண்டு, அதனால நைட்ரைல் குரூப் வந்தாலும் ரெண்டு. பென்சீனுக்கு நாலு.

இந்த பென்சீன் நாலுல தான் புதுசா வர்றவங்க தடுமாறுவாங்க. மூணு டபுள் பாண்டைப் பாத்து மூணுன்னு வச்சுக்குவாங்க, ரிங்கை மறந்துடுவாங்க, அப்புறம் C8H8O2-க்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்குன்னு ஒரு C=O-வும் ஒரு C=C-யும் வரைஞ்சு வைப்பாங்க, அதுல H ஆறு தான் வரும், எட்டு வராது.

நைட்ரோ குரூப் ரெண்டு ஆக்சிஜனோட பயமுறுத்தும், கணக்குல ஒண்ணு தான். நைட்ரோமீத்தேன் CH3NO2-க்குப் போட்டா 1 வரும், நைட்ரஜனுக்கு பிளஸ் போட்டு ஒரு ஆக்சிஜனுக்கு மைனஸ் போட்டு ஒழுங்கா வரைஞ்சா ஒரு N=O தான் இருக்குன்னு தெரியும். சல்ஃபர் வேற மாதிரி. டிஎம்எஸ்ஓ C2H6OS-ஐ S=O போட்டுத் தான் வரைவோம், ஆனா டிஓயூ 0. சல்ஃபருக்கு ரெண்டு பாண்ட்னு வச்சுத் தான் சூத்திரம் போட்டிருக்கு, அதனால சல்ஃபாக்சைடு, சல்ஃபோன், பாஸ்பேட்ல இருக்கிற P=O எல்லாம் பட்ஜெட்ல கழியாது, ஸ்ட்ரக்சர்ல மட்டும் இருக்கும்.

ரிங் எண்ணுறதுலயும் ஒரு கண்ணி இருக்கு. கற்பூரத்தோட மாலிக்யூலைப் பாத்தா கண்ணுக்கு மூணு ரிங் தெரியும், ரெண்டு ஐந்து கார்பன் ரிங், ஒரு ஆறு கார்பன் ரிங். ஆனா எத்தனை பாண்டை வெட்டினா எல்லா ரிங்கும் திறந்துக்குமோ அதைத் தான் எண்ணணும். ரெண்டு வெட்டு போதும், ரெண்டு ரிங் தான்.

5. முதல்ல இல்லாததை எழுதுங்க

என் அனுபவத்துல இந்தப் படி தான் ஆளையே மாத்தும். டிஓயூ "இது இருக்க முடியாது"ன்னு சொன்னா அது நூத்துக்கு நூறு உறுதி, "இது இருக்கலாம்"னு சொன்னா அது வெறும் யூகம். அதனால உறுதியானதை முதல்ல எடுத்துக்கணும்.

C4H10O-க்கு டிஓயூ 0. கார்பனைல் இல்ல, ரிங் இல்ல, C=C இல்ல, ஆக்சிஜன் ஆல்கஹாலாவோ ஈதராவோ தான் இருந்தாகணும். நாலு ஆல்கஹால், மூணு ஈதர், மொத்தம் ஏழே ஏழு ஸ்ட்ரக்சர். ரெண்டு H குறைஞ்சு C4H8O ஆனா டிஓயூ 1, இப்ப ட்ரிபிள் பாண்ட் கிடையாது, பென்சீன் கிடையாது, கார்பனைல் இருந்தா ரிங்கும் C=Cயும் கிடையாது.

இந்தக் கடைசி வரியைத் தான் நிறைய பேர் எழுத மறக்குறாங்க. கார்பனைல்னு முடிவானா பட்ஜெட் தீர்ந்துது, மிச்சம் எல்லாம் நேர் சங்கிலி இல்ல கிளைச் சங்கிலி, அப்ப பியூட்டனல், 2-மெத்தில்புரோப்பனல், பியூட்டனோன், மூணு தான்.

6. C8H8O2-ஐ முழுசா போட்டுப் பாப்போம்

(16 + 2 - 8) / 2 = 5.

எட்டு கார்பனுக்கு எட்டே ஹைட்ரஜன், டிஓயூ நாலுக்கு மேல, கார்பன் ஆறுக்கு மேல. பென்சீன் இருக்கும்னு பந்தயம் கட்டலாம், பந்தயம் தான், பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டுக்கோங்க. பென்சீனுக்கு நாலு போனா பாக்கி ஒண்ணு, ரெண்டு கார்பன், ரெண்டு ஆக்சிஜன்.

அந்த பாக்கி ஒண்ணு என்னவா இருக்கலாம்? C=O, இன்னொரு ரிங், C=C, இந்த மூணுல ஒண்ணு தான், ரெண்டு ஒண்ணா வர முடியாது. தாள்ல மூணு பெட்டி போட்டுக்கோங்க. கார்பனைல் பெட்டியை மட்டும் நிரப்பிட்டு மத்த ரெண்டையும் காலியா விடுறது தான் இங்க வழக்கமா நடக்குற தப்பு.

கார்பனைல் பெட்டியை நிரப்பும்போது இஷ்டத்துக்கு வரையாதீங்க, ரிங்குல எத்தனை இடத்துல குரூப் தொங்குதுங்கிற வரிசையில போங்க, அப்ப தான் எதுவும் விட்டுப்போகாது. ஒரே இடம்னா C6H5 போக மிச்சம் C2H3O2, அதை வச்சு மெத்தில் பென்சோயேட், ஃபீனைல் அசிடேட், ஃபீனைல்அசிட்டிக் ஆசிட், பென்சைல் ஃபார்மேட் வரும், பக்கச் சங்கிலியில ஆல்கஹாலும் கார்பனைலும் தனித்தனியா வச்சா C6H5COCH2OH-உம் C6H5CH(OH)CHO-உம் வரும், ஆல்கஹாலுக்குப் பதிலா ஈதர் வச்சா C6H5OCH2CHO வரும்.

ரெண்டு இடம்னா C6H4 போக மிச்சம் C2H4O2, அதை ரெண்டா உடைக்கணும். CH3-உம் COOH-உம், OH-உம் COCH3-உம், OCH3-உம் CHO-வும், CH2OH-உம் CHO-வும், OH-உம் CH2CHO-வும், CH3-உம் OCHO-வும். ஆறு ஜோடி, ஒவ்வொண்ணுக்கும் ஆர்த்தோ மெட்டா பாரான்னு மூணு, ஆக 18. சோம்பு வாசனை குடும்பத்துல வர்ற அனிசால்டிஹைடு இந்த OCH3, CHO ஜோடியோட பாரா தான். மூணு இடம்னா CH3, OH, CHO, அதுக்கு இடம் மாத்தி மாத்தி நிறைய வரும், அதை இப்ப வரைய வேண்டாம், பெட்டியில ஒரு வரி எழுதி வச்சா போதும்.

ரிங் பெட்டியில 1,4-பென்சோடையாக்சேன். பென்சீனோட பக்கத்து பக்கத்து ரெண்டு கார்பன்ல ஆக்சிஜன், அந்த ரெண்டையும் CH2CH2 சேர்த்துப் பிடிச்சிருக்கும். இதுல கார்பனைலே கிடையாது. பென்சோடையாக்சோல்ல ஒரு மெத்தில் ஒட்டினதும் இதே பெட்டி தான். C=C பெட்டியில வினைல் ஒட்டின கேட்டக்கால் மாதிரி, ரெண்டு OH-உம் ஒரு CH=CH2-உம்.

வரைஞ்சு முடிச்ச ஒவ்வொண்ணுக்கும் H-ஐ எண்ணி எட்டு வருதான்னு பாருங்க. வரலைன்னா அந்த ஸ்ட்ரக்சர்ல எங்கயோ ஒரு ரிங்கோ டபுள் பாண்டோ கூடவோ குறைச்சலோ இருக்கு, அப்படியே அடிச்சிடலாம்.

7. பெட்டியைப் பிரிக்கிற கேள்வியை எழுதிட்டு தான் ஸ்பெக்ட்ரத்தைத் திறங்க

இப்ப ஸ்பெக்ட்ரத்துக்கிட்ட "நீ என்ன"ன்னு பொதுவா கேக்க வேண்டியதில்ல. முதல் கேள்வி, கார்பனைல் உண்டா? ஐஆர்ல 1630லேர்ந்து 1800 வரைக்கும் பலமான பேண்ட் இல்லைன்னா கார்பனைல் பெட்டி மொத்தமும் ஒரே அடியில போயிடும், கையில மிஞ்சுறது ரெண்டு சின்னப் பெட்டி தான். இருந்துச்சுன்னா ரிங் பெட்டியும் C=C பெட்டியும் போயிடும். ரெண்டாவது கேள்வி, பென்சீன் ரிங்குல எத்தனை H? அஞ்சா, நாலா, மூணான்னு புரோட்டான் என்எம்ஆர் சொல்லும், அது நாம வரைஞ்ச வரிசையோட நேரா பொருந்தும்.

சேம்பிள் கையில இருந்தா மெஷினுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே கொஞ்சம் சுருக்கலாம். சோடியம் பைகார்பனேட் கரைசல்ல போட்டா நுரைச்சுக்கிட்டுக் கரையுதுன்னா ஃபீனைல்அசிட்டிக் ஆசிட், இல்ல மூணு டொலுயிக் ஆசிட், நாலே பேர் தான். C8H8O2-ல டிஓயூ போட்டு வச்சவருக்கு இந்த நுரை நாலா சுருக்கித் தருது, போடாதவருக்கு "ஆசிட்"ங்கிற ஒரு வார்த்தை மட்டும் தான் கிடைக்குது.

8. எங்க நின்னுடும்னு தெரிஞ்சுக்கோங்க

அஞ்சாவது படியில யூகம்னு சொன்னேன் இல்லையா, அது எவ்வளவு தூரம் ஏமாத்தும்னு பாக்க C6H6-ஐ எடுத்துக்கலாம். டிஓயூ 4, எல்லாரும் பென்சீன்னு எழுதுவாங்க, ஆனா 1,5-ஹெக்ஸாடையைனும் C6H6 தான், ரெண்டு ட்ரிபிள் பாண்ட், ரிங்கே கிடையாது. காஃபீன் C8H10N4O2, டிஓயூ 6, அதுல பென்சீன் ரிங் இல்லவே இல்ல, ரெண்டு ரிங், ரெண்டு C=O, ஒரு C=C, ஒரு C=N. நைட்ரஜன் நிறைய இருக்கிற ஃபார்முலாவுல பென்சீன்னு அவசரப்பட்டு எழுதாதீங்க.

இன்னொரு எல்லை, ரிங்கையும் டபுள் பாண்டையும் இந்த எண்ணால பிரிச்சுச் சொல்ல முடியாது. கற்பூரத்துக்கும் லெமன்கிராஸ் எண்ணெய்ல நிறைய இருக்கிற சிட்ராலுக்கும் ஒரே ஃபார்முலா, C10H16O, டிஓயூ 3. மூணுங்கிறதால பென்சீன் இல்லைங்கிறது உறுதி, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது. கற்பூரத்துல அந்த மூணு ரெண்டு ரிங், ஒரு C=O. சிட்ரால்ல ரிங்கே இல்ல, ரெண்டு C=C, ஒரு C=O.

இங்க ஸ்பெக்ட்ரம் இல்லாம பிரிக்கணும்னா ஹைட்ரஜன் ஏத்தி திரும்ப டிஓயூ போடலாம், ஏன்னா ஹைட்ரஜனேஷன் C=C-ஐ நிரப்பும், கற்பூரத்துல இருக்கிற மாதிரி ரிங்கைத் திறக்காது. C=O-வைத் தொடாத மாதிரி பண்ணினா சிட்ரால் ரெண்டு H2 எடுத்துக்கிட்டு C10H20O ஆகும், டிஓயூ 3லேர்ந்து 1-க்கு இறங்கும். கற்பூரம் C10H16O-ஆவே நிக்கும், டிஓயூ 3 அப்படியே இருக்கும். கேட்டலிஸ்ட்டும் பிரஷரும் கூடிப்போனா ஆல்டிஹைடும் ஆல்கஹாலா மாறி C10H22O, டிஓயூ 0ன்னு வந்து நிக்கும், அதனால எறங்கின எண்ணை எல்லாம் C=C கணக்குல எழுதுறதுக்கு முன்னாடி C=O இன்னும் இருக்கான்னு பாத்துக்கோங்க.